வடக்கே தலை, ராத்திரி தயிர்

நடுவர் கொடுத்த தலைப்பு: "படுக்கப் போகும் நேரத்துக்குப் பெரியவங்க சொன்னதில் நிற்பது அதிகமா, உதிர்வது அதிகமா?"

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சபையோரே, வணக்கம். உதிர்வதே அதிகம் என்ற அணியில் பேசுகிறேன்.

எதிரணியில் முதலில் வந்த இயற்பியல் ஆசிரியர், பூமி ஒரு காந்தம், ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, ஆகவே வடக்கே தலை வைத்தால் ரத்தம் மூளைக்கு இழுபடும் என்றார். முதல் இரண்டும் சரி சார். அந்த 'ஆகவே'யில்தான் வண்டி குடைசாய்கிறது. உங்கள் பள்ளி ஆய்வகத்துக் காம்பஸையே எடுத்துக்கொள்வோம். அதன் முள் வடக்கு பார்த்துத் திரும்பும். டப்பாவோடு வடக்கே நகர்ந்து போனதை யாராவது பார்த்ததுண்டா? ஒரே சீராகப் பரவிய காந்தப்புலம் முள்ளைத் திருப்புமே தவிர இழுக்காது. இழுக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் புலம் வலுத்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்க வேண்டும். ஆறடிக் கட்டிலுக்குள் பூமியின் புலத்தில் அப்படி ஒரு வித்தியாசம் சொல்லும்படி கிடையாது.

இரும்புக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உடம்பு முழுக்கச் சேர்த்தால் மூன்று, நான்கு கிராம். அதில் பெரும்பங்கு ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, ஆணி மாதிரி காந்தத்தில் ஒட்டாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக லேசாகத் தள்ளவே செய்கிறது. நம் ஊரில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. எம்ஆர்ஐ மெஷின் 1.5 டெஸ்லா, அதாவது முப்பத்தேழாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் அரை மணி நேரம் படுத்தவர் ரத்தம் தலைக்கேறாமல் எழுந்து வந்து, பில்லைப் பார்த்த பிறகுதான் தலை சுற்றுகிறது என்கிறார்.

"ரயிலில் என்ன செய்வது?" என்று நடுவர் நடுவில் கேட்டார். நல்ல கேள்வி. மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் வண்டி ஏறக்குறைய வடக்கு நோக்கித்தான் ஓடுகிறது. சைடு லோயர், சைடு அப்பர் எல்லாம் தண்டவாளத்தை ஒட்டிய நீளவாக்குப் படுக்கைகள். அதில் படுப்பவர்களில் ஒரு பாதியாவது ராத்திரி முழுக்க வடக்கே தலை வைத்துத்தான் தூங்குகிறார்கள். தாம்பரத்தில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசும் தெம்போடுதான் வருகிறார்கள்.

"வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே" என்பது சடங்கு சார்ந்த நம்பிக்கை. அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. காந்தத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து தயிர். எதிரணித் தலைவர் புலவர் ஐயா நிறையப் படித்தவர், பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையையே எடுத்து வைத்தார். இரவில் தயிர் உண்ணாதே என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் ஐயா அதே இடத்தில் மீதியை வாசிக்கவில்லை. நெய்யும் சர்க்கரையுமோ, பாசிப்பயற்றுச் சாறோ, தேனோ, நெல்லியோ சேர்க்காமல் தயிர் உண்ணாதே, சூடாக உண்ணாதே என்றும் இருக்கிறது. முழு விதியையும் பிடித்தால் மத்தியானத் தயிர்சாதமும் போச்சு, மோர்க்குழம்பும் அடுப்பேறாது. ராத்திரியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டது யார் ஐயா?

சளி கட்டும் என்கிறார்கள். சளிக்காய்ச்சலைத் தருவது வைரஸ். ரைனோவைரஸ் மட்டுமே நூறு வகைக்கு மேல். 1990இல் ஆஸ்திரேலியாவில் அறுபது பேர் மூக்கில் அந்த வைரஸை விட்டு, தினமும் எவ்வளவு பால் குடித்தார்கள் என்று குறித்து, மூக்கு சிந்திய தாளை எடை போட்டே பார்த்துவிட்டார்கள். அதிகம் பால் குடித்தவருக்கு அதிகச் சளி வரவில்லை. பால் சளியைக் கூட்டும் என்று நம்பியவர்கள் மட்டும் தொந்தரவு கூடுதல் என்றார்கள். அது பால்தானே, தயிர் இல்லையே என்று எதிரணி கேட்கலாம். நியாயம். தயிருக்கு அதை அப்படியே நீட்ட மாட்டேன்.

எதிரணித் தங்கை தன் மகன் கதையைச் சொன்னார். ஒன்பது வயது. ராத்திரி ஒன்பதரைக்குப் பெரிய கிண்ணம் தயிர்சாதம், பத்து மணிக்குப் படுக்கை, காலையில் தொண்டை கரகரப்பு, செருமல். "இது சளி இல்லையா?" என்றார். அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் சில கேள்விகள். மூக்கு ஒழுகியதா? காய்ச்சல் உண்டா? இரண்டு மூன்று நாளில் வீட்டில் இன்னொருவருக்குத் தொற்றியதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். கரகரப்பு பத்து மணிக்குள் போய்விடுகிறது, சில நாள் புளித்த ஏப்பமும் வருகிறது என்றார். வைரஸ் சளி மதியத்துக்குள் மூட்டை கட்டாது, ஒரு வாரமாவது இருக்கும். இது இரைப்பை அமிலம் மேலே ஏறித் தொண்டையை அரிப்பதாக இருக்கலாம். தும்மலும் கண் அரிப்பும் சேர்ந்திருந்தால் தலையணைத் தூசியைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டேன்: எப்போது உறை ஊற்றிய தயிர்? காலையில் ஊற்றியதாம், வெளியிலேயே இருந்ததாம். வெயில் காலத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடும். அதற்குப் பிறகும் பாக்டீரியா சும்மா இருப்பதில்லை, பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டே போகும். ராத்திரி ஒன்பதரைக்கு அது நன்றாகப் புளித்த தயிர். அதை வயிறு முட்டச் சாப்பிட்டு அரை மணியில் படுத்தால் தொண்டை என்ன செய்யும்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது தங்கச்சி. ஒரு வாரம் தயிரையும் அளவையும் மாற்றாதீர்கள், நேரத்தை மட்டும் ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் பழைய நேரமே, ஆனால் தோய்ந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்த புளிக்காத தயிர். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அப்புறமும் போகவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தயிர் பட்டதும் உதடு வீங்குவது, தடிப்பு வருவது போல இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், அது ஒவ்வாமை.

பெரியவர்கள் சொன்னதில் நிற்பதும் உண்டு, மறைக்க மாட்டேன். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பாட்டில் இடதுகையிற் படுப்போம் என்று வருகிறது. எதிரணி ஏனோ அதை எடுக்கவே இல்லை! இடப்பக்கம் சாய்ந்தால் இரைப்பையின் பை போன்ற பகுதி உணவுக்குழாய் சேரும் வாய்க்குக் கீழே தொங்குகிறது, அமிலம் அங்கேயே தேங்குகிறது. வலப்பக்கம் சாய்ந்தால் அமிலம் அந்த வாய்க்கு மேலே நிற்கிறது. நெஞ்செரிச்சல்காரர்களுக்குத் தலைமாட்டுக் கட்டில் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் மரக்கட்டை கொடுத்து உயர்த்துவதும் உதவும். இரண்டு தலையணை அந்த வேலையைச் செய்யாது. கழுத்து மட்டும் நிமிர்ந்து வயிறு மடங்கும், அழுத்தம் கூடும்.

குளிர்ந்த பண்டத்தில் பாட்டி பாதி ஜெயிக்கிறார். 1978இல் பதினைந்து பேரை வைத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். வெந்நீரும் கோழி சூப்பும் அதைக் கூட்டின, குளிர்ந்த நீர் குறைத்தது. ஏற்கெனவே மூக்கடைத்தவருக்கு ஐஸ் வாட்டர் கொடுக்காதே என்பது நிற்கும். ஐஸ்கிரீம் சாப்பிட்டதால் சளி பிடித்தது என்பது நிற்காது. டான்சில் ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்கு டாக்டரே ஐஸ்கிரீம் கொடுக்கச் சொல்கிறாரே! ஆஸ்துமா இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் ஐஸ் பட்டால் மூச்சு இறுகுகிறது. அந்த வீட்டில் பாட்டி சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. ராத்திரிக் கீரையை எங்கள் அணியின் அடுத்த பேச்சாளருக்கு விட்டுவைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.