நாத்தனார் முடிச்சும் நான்காம் தேதித் தேர்வும்

"மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு, வணக்கம். என் அண்ணனின் திருமணம் வருகிற செப்டம்பர் 4, வியாழக்கிழமை காலை நடைபெற உள்ளது. பிப்ரவரியிலேயே மண்டபம் பதிவு செய்துவிட்டோம். ஆகஸ்ட் 8 அன்று வந்த சுற்றறிக்கையில் அதே நாள் முற்பகல் வயர்லெஸ் கம்யூனிகேஷன் அகமதிப்பீட்டுத் தேர்வு குறிக்கப்பட்டுள்ளது. அந்த ஒரு தேர்வை மட்டும் வேறு நாளுக்கு மாற்றித் தர வேண்டுகிறேன். அழைப்பிதழை இணைத்துள்ளேன். நாள்: ஆகஸ்ட் 11. இப்படிக்கு, மூன்றாம் ஆண்டு மாணவி."

நடுவர் அவர்களே, எதிரணியினரே, என் அணியினரே, கடைசி வரிசை வரை நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். நான் முதலில் படித்த இந்த மாணவியின் கடிதத்தை ஏற்றுத் தேர்வை மாற்றலாமா, கூடாதா என்பதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. மாற்ற வேண்டும் என்பது என் அணி. எனக்கு எட்டு நிமிடம். நேராகக் கதைக்குப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு கல்லூரியில் துறைத் தேர்வுப் பொறுப்பாளராக இருந்தேன். தேர்வு எழுதாதவர்களின் கடிதங்களெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒரு திங்கட்கிழமை காலை ஒரு மாணவி வந்தாள். "மூன்று நாள் கடும் காய்ச்சல், மறுதேர்வு வேண்டும்" என்று கடிதம். மருத்துவச் சான்றிதழ் இருந்தது, முத்திரை இருந்தது, தந்தையின் கையொப்பம் இருந்தது. ஒரு குறையும் இல்லை. துறைத்தலைவரிடம் அழைத்துப் போனேன். அவர் படித்தார். "சரியம்மா, பதிவேட்டில் கையெழுத்துப் போடு" என்றார்.

பிள்ளை அசையவில்லை. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

"பேனா இல்லையா?" என்று தன் பேனாவை நீட்டினார். துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவள் போல, மெதுவாக அந்தப் பேனாவை வாங்கினாள். துப்பட்டா எவ்வளவு தூரம் மறைக்கும்? கையெழுத்தின் முதல் எழுத்தைப் போடும்போதே நழுவிவிட்டது. ஐந்து விரலும் செக்கச் சிவந்த மருதாணி! உள்ளங்கையில் மயில். மயிலின் தோகை மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் போகிறது.

துறைத்தலைவர் கடிதத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். "காய்ச்சலுக்கு மருதாணி குளிர்ச்சி என்று பாட்டி வைத்துவிட்டார்களாம்மா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடி, "ஆமாம் ஐயா" என்றது.

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் கதை இன்னும் முடியவில்லை. மயில் தோகை வைத்த அந்தப் பிள்ளைக்கு மறுதேர்வு கிடைத்தது. தாள்கள் முறையாக இருந்தன அல்லவா! அதே வாரத்தில் ஒரு மாணவன் வந்தான். "என் அக்காவின் திருமணம், அதனால் வர முடியவில்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தான். அவனுக்கு மறுதேர்வு இல்லை. அந்தத் தேர்வுக்குச் சுழியம். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. வெளியே வந்து ஒருவர் கடிதத்தை ஒருவர் படித்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாசி, பங்குனி முகூர்த்த நாள்களில் எங்கள் துறையில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்று நினைக்கிறீர்கள்? நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகள் பொய்யர்களாகப் பிறக்கவில்லை, நடுவர் அவர்களே. எந்தக் கடிதம் செல்லும், எது செல்லாது என்பதை நாம்தான் சொல்லிக்கொடுத்தோம்.

இப்போது இந்தக் கடிதத்தைப் பாருங்கள். காய்ச்சல் இல்லை, சான்றிதழ் இல்லை. அழைப்பிதழைக் குத்தி இணைத்து, சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாளே, தேர்வுக்கு 24 நாள் முன்னால் வந்து நிற்கிறாள். இவளையும் மருதாணியை மறைக்கும் இடத்துக்குத் தள்ளப் போகிறோமா?

எதிரணித் தலைவர் பெரியவர். தேர்வு விதிகளை அவரளவு அறிந்தவர் இந்த வளாகத்தில் இல்லை. மதிப்பெண்களைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றுவதற்குக் கெடு உண்டு, கெடு முடிந்தால் அது மூடிக்கொள்ளும் என்று அவர் சொன்னது உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னாரே! "கல்யாணப் பெண்ணா அவள்? மாப்பிள்ளையா அவள்? அவள் போகாவிட்டால் பந்தியில் ஓர் இலை மிச்சம், அவ்வளவுதான்." அரங்கம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஐயா, அவள் யார் தெரியுமா? மணமகனின் ஒரே தங்கை. அவள் ஊரில் தாலி கட்டும்போது முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவார். அடுத்த இரண்டு முடிச்சையும் போட வேண்டியவள் நாத்தனார். கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது. மணப்பெண் தலையைக் குனிந்திருக்கிறாள், பின்னால் சடையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, முடிச்சுப் போட இரண்டு கை. அந்த இரண்டு கை அன்று காலை இங்கே விடைத்தாளில் சிக்னல் வலுவிழப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தால், அங்கே யார் கையை நீட்டுவது? ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி வந்து முடிச்சுப் போடுவாள், திருமணம் நடந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் அண்ணி வீட்டுக்குள் வரும் முதல் நாளிலேயே, "என் நாத்தனார் வரவில்லை" என்பது அவள் மனத்தில் பதியுமா, பதியாதா? இலை மிச்சமாம்! ஐயா, இலைக்கு ஆள் கிடைக்கும். முடிச்சுக்கு ஒருத்திதான்.

"திட்டமிட்ட நிகழ்ச்சிக்கு எதற்குச் சலுகை?" என்றும் கேட்டார். யார் முதலில் திட்டமிட்டார்கள்? ஆடியில் செய்ய மாட்டார்கள். புரட்டாசியில் பல வீடுகளில் செய்ய மாட்டார்கள். நடுவில் இருப்பது ஆவணி ஒன்று. அதிலும் வளர்பிறை முகூர்த்தம் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். என் அணியின் விடுதிக் காப்பாளர் தன் மகள் திருமணத்துக்கு மண்டபம் தேடி அலைந்த கதையையே தன் நேரம் முழுவதும் சொன்னார். தலைப்பை விட்டுப் போய்விட்டார் என்று நடுவர் மணி அடித்தார்கள். ஆனாலும் அந்தக் கதையில் ஒரு பாடம் இருந்தது: ஆறு மாதம் முன்பே முன்பணம் கட்டாவிட்டால் மண்டபம் இல்லை. இந்த வீட்டில் பிப்ரவரியில் கட்டியிருக்கிறார்கள். நம் தேர்வு அட்டவணை வந்தது ஆகஸ்டில். நமக்கே தெரியாத தேதியை ஒரு குடும்பம் எப்படித் தவிர்க்கும்?

எதிரணியின் கணிதத் துறைப் பேராசிரியர் நல்ல மனத்தோடு ஒரு வழி சொன்னார். 4ஆம் தேதித் தாளையும் 10ஆம் தேதித் தாளையும் இடம் மாற்றிவிடுங்கள், யாருக்கும் கூடுதல் நாள் இல்லை என்றார். பாதி சரி. ஆனால் 4ஆம் தேதி எந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தாலும், அந்தத் தாளுக்கு அவள் இருக்கப் போவதில்லையே! 4ஆம் தேதியைக் காலியாக விட வேண்டும். கடைசித் தாள் 10ஆம் தேதி. அதற்கு மறுநாள் 11ஆம் தேதி முற்பகல், அந்த வகுப்பறையிலேயே வைத்தால் போதும். அந்தத் தாளை எழுதுகிறவர்கள் அந்த ஒரு வகுப்பு மட்டும்தான், வேறு துறையின் அட்டவணை கலையாது. வகுப்பு முழுவதும் ஒன்றாக எழுதுவதால் வினா வெளியே போகும் என்ற பயமும் இல்லை.

அவளுக்கு மட்டும் தனியாக மறுதேர்வு என்றால் அங்கேதான் சிக்கல். இரண்டாவது வினாத்தாள் எடுக்க வேண்டும். அது எளிதாக இருந்தால் மற்ற மாணவர்கள் கேட்பார்கள், கடினமாக இருந்தால் இவள் அழுவாள். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே மாற்றுங்கள் என்கிறேன். அதில் ஒரு மாணவருக்கு 11ஆம் தேதி இடைஞ்சல் இருந்தால்? அந்தக் கேள்வியை என் அணிக்குள்ளேயே கேட்டார்கள். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. கடிதம் 24 நாள் முன்னால் வந்திருப்பதால், வகுப்பில் போய்க் கேட்க நேரமாவது இருக்கிறது என்பதுதான் என் விடை.

"போனால் போகட்டும், ஒரு தேர்வுதானே" என்றார் எதிரணியில் ஒருவர். தன் தம்பி திருமணத்துக்கே போகாமல் தேர்வு எழுதியவராம் அவர். அவர் படித்த காலத்தில் அகமதிப்பீடு 20 மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு அது 40. இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100. அந்த நூறில் எழுத்துத் தேர்வுக்கு 60, ஒப்படைப்பு, கருத்தரங்கு போன்றவற்றுக்கு 40. இவள் ஒரு எழுத்துத் தேர்வை விட்டால் 200இல் 60 போகிறது. நாற்பதுக்குச் சுருக்கினால் 12 மதிப்பெண். மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் 28ஐத் தாண்ட முடியாது. இரண்டு முடிச்சுக்குப் பன்னிரண்டு மதிப்பெண், ஒரு முடிச்சுக்கு ஆறு! இந்த விலையை அவள் தலையில் வைக்க நமக்கு என்ன உரிமை?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம் தாருங்கள் நடுவர் அவர்களே, இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தின் அடியில், "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்ற இடத்தில் ஒரு கையொப்பம் இருக்கிறது. நீல மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்து. அந்தக் கையெழுத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். முதலாம் ஆண்டில் கட்டணத்தைத் தவணையாகக் கட்டுகிறோம் என்று எழுதிய கடிதத்தில் பார்த்தேன். விடுதி வெளியேறும் சீட்டு ஒவ்வொன்றிலும் பார்த்தேன். ஒருமுறை அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது. இரவு பஸ் பிடித்து விடியற்காலையில் வந்து, கல்லூரி வாசலில் பையோடு காத்திருந்தவர் போட்டதும் அதே கையெழுத்துதான். தந்தை இல்லாத வீடு. இந்தப் பெண்ணுக்காக இதுவரை கையெழுத்துப் போட்டவர் அண்ணன்.

தன் திருமணத்துக்குத் தன் தங்கையை அனுப்பும்படி கேட்கும் கடிதத்திலும் அவரேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் பெயருக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டு, "துறைத்தலைவர்" என்று அச்சடித்திருக்கிறது. அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது, நடுவர் அவர்களே.

வணக்கம்.