பாதியில் நிறுத்தும் பாலிசி: மீதிப் பணம் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். குன்னூரில் வாடகைக்கு இருந்த ஒரு தம்பதி, மகள் வீட்டோடு இருக்கலாம் என்று செப்டம்பர் கடைசியில் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சாமான்களுக்கு ஜூன் 1 முதல் ஓராண்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். பிரீமியம் 3,650 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த பாலிசி குன்னூர் முகவரியில் இருக்கும் சாமானுக்குத்தான். சாமானையே எடுத்துப் போன பிறகு அதை வைத்திருந்து என்ன பயன்?

தனிநபர் எடுத்த பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஓராண்டு பாலிசியில் அதுவரை க்ளெய்ம் எதுவும் கேட்கவில்லை என்றால், மீதி நாட்களுக்கான பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தரவேண்டும். 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது.

கணக்கு எளிது. 3,650 ரூபாயை 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்குப் பத்து ரூபாய். செப்டம்பர் 28 வரை 120 நாள் ஓடிவிட்டது. மீதி 245 நாளுக்கு 2,450 ரூபாய் வரவேண்டும். அதற்குரிய ஜிஎஸ்டி 441 ரூபாயையும் சேர்த்துக் கேளுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். முன்பெல்லாம் குறுகிய கால அட்டவணை என்று ஒன்று வைத்துக் கழிப்பார்கள். நான்கு மாதம் ஓடிய பாலிசிக்குப் பாதிப் பிரீமியத்தையே நிறுத்திக்கொள்வார்கள். அந்த அட்டவணை இன்னும் சில பழைய பாலிசித் தாள்களில் அச்சாகியிருக்கும். கைக்கு 1,825 ரூபாய்தான் வந்தால், அந்தப் பழைய கணக்கில்தான் கழித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். உடனே நாள் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னால் போதாது. பாலிசி எண், எந்தத் தேதியிலிருந்து ரத்து, க்ளெய்ம் எதுவும் இல்லை என்ற உறுதி, வங்கிக் கணக்கு விவரம், இவற்றை எழுதி மின்னஞ்சலிலோ கிளையிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். கடிதம் போய்ச் சேராத நாட்கள் உங்கள் கணக்கில்தான் ஓடும். சொந்த வீட்டுக்கு வங்கிக் கடன் இருந்து, பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தால், வங்கியின் ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள்.

அப்புறம், நம் ஊருக்காக ஒன்று. வீடு உங்களுடையது, பூட்டிவிட்டுக் கீழே போகிறீர்கள் என்றால் அக்டோபர், நவம்பருக்கு முன் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். ரத்தான மறுநாள் சுவர் இடிந்தால் ஒரு ரூபாய் கிடைக்காது.

பணம் குறைவாக வந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் ஐஆர்டிஏஐயின் 155255 என்ற எண்ணிலோ பீமா பரோசா தளத்திலோ புகார் பதியலாம். நிறுவனத்திடமிருந்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமோ வக்கீலோ வேண்டாம்.