படம் பிடிப்பதற்கு முன்பே நேரம் குறித்தல்: ஒரு பனங்கட்டி வீடியோவின் அனிமேட்டிக்

[திரையில்: பனங்கட்டி காய்ச்சுவதைக் காட்டும் ஆறு பென்சில் ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னணியில் தொலைபேசியில் பதிந்த ஒரு குரல் ஒலிக்கிறது. மூலையில் நேரம் ஓடுகிறது.]

இப்போது திரையில் ஓடுவது ஓர் அனிமேட்டிக். ஸ்டோரிபோர்டில் வரைந்த சட்டகங்களைப் புகைப்படமாக எடுத்து, எழுத்துப்பிரதியை நாமே தொலைபேசியில் வாசித்துப் பதிந்த ஒத்திகைக் குரலோடு சேர்த்து, ஒவ்வொரு சட்டகமும் எத்தனை செக்கன் நிற்க வேண்டும் என்று தீர்மானித்த பின் கிடைக்கும் முதற்கட்ட வீடியோ இது. ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நேரம் சரியாக இருக்க வேண்டும்.

நாம் எடுக்கப்போவது மூன்று நிமிட வீடியோ. வடமராட்சியில் ஒரு பனை வளவில் கருப்பநீர் பனங்கட்டியாக மாறுவதை அது காட்ட வேண்டும். இந்த வேலையை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. காலையில் இறக்கிய கருப்பநீரை அன்றே காய்ச்சியாக வேண்டும். முட்டியின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு புளிப்பதைத் தாமதப்படுத்தினாலும், படப்பிடிப்புக் குழுவுக்காக அதை நாள் முழுவதும் வைத்திருக்க முடியாது. அடுப்பில் ஏறிய பாகு எந்தக் கட்டத்தையும் நமக்காகத் திரும்பக் காட்டாது. ஆகவே எந்த ஷொட் எவ்வளவு நீளமானது என்பதை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே நாம் அறிந்திருக்க வேண்டும்.

[திரையில்: எடிற்றிங் மென்பொருளின் வெற்று டைம்லைன். முதலில் ஒலித்தடம் மட்டும் நிரம்புகிறது.]

டைம்லைனை செக்கனுக்கு 25 பிரேம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பின்னர் மின்விளக்கின் கீழ் எடுக்கும் காட்சிகளுக்கும் இந்த வேகம் பொருந்தும். அடுத்து வைக்க வேண்டியது படமல்ல, குரல். படங்களை முதலில் அடுக்கினால் குரலை அதற்குள் திணிக்க நேரும். அவசரமாக வாசிக்கப்பட்ட விளக்கத்தைக் கேட்பவர் சொற்களைக் கேட்பாரே தவிர, பொருளைப் பின்தொடர மாட்டார்.

நமது எழுத்துப்பிரதியின் நடுப்பகுதி இது.

"விடியற்காலையில் இறக்கிய கருப்பநீரை வடித்து, அகன்ற தாச்சியில் ஊற்றி, விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள். நீர் வற்ற வற்ற நுரை பொங்கி, நிறம் பழுப்பாகி, பாகு இறுகுகிறது. பதம் வந்ததும் இறக்கி, கிண்டி, பனையோலைக் குட்டான்களில் ஊற்றுகிறார்கள்."

இதில் 25 சொற்கள் உள்ளன. ஆங்கில விளக்க வீடியோக்களுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதன்படி இந்தப் பகுதி 10 செக்கனில் முடிந்துவிட வேண்டும். ஆனால் அமைதியாக வாசித்துப் பதிந்தால், வாக்கியங்களுக்கு இடையில் அரைச் செக்கன் மூச்சையும் சேர்த்து, 18 செக்கன் ஆகிறது. "காய்ச்சுகிறார்கள்" என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களின் வேலையைச் செய்வதால், சொற்களை எண்ணும் கணக்கு தமிழுக்கு உதவாது. வாய்விட்டு வாசித்து அளப்பதுதான் நம்பத்தக்க வழி. வாசிக்கும்போது மனத்துக்குள் வாசிக்கும் வேகம் வந்துவிடக் கூடாது. முன்னால் ஒருவர் அமர்ந்து கேட்பதாக எண்ணிக்கொண்டு வாசித்தால் வேகம் தானாகக் குறையும்.

பதிந்த குரலை டைம்லைனில் வைத்தபின், ஒவ்வொரு வாக்கியம் முடியும் இடத்திலும் ஒரு மார்க்கர் இட்டு, அந்த இடங்களில் குரலை வெட்டிக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் தனித்தனித் துண்டுகளாக இருந்தால்தான் பிறகு இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

[திரையில்: ஆறு சட்டகங்களும் குரலின் மேல் வந்து அமர்கின்றன. ஆறும் ஒரே நீளம்.]

இப்போது சட்டகங்களை வைக்கிறோம். நிலைப்படம் ஒன்றை உள்ளே இழுத்தவுடன் மென்பொருள் தானாகவே ஒரு நீளத்தைக் கொடுக்கும். பெரும்பாலும் அது 5 செக்கன். அந்த நீளத்தை அப்படியே விட்டுவிட்டால் எல்லா ஷொட்டும் சமமாகி, வீடியோ சிலைடுகளின் வரிசைபோல ஓடும். ஆகவே மார்க்கர்களைப் பார்த்து ஒவ்வொன்றையும் வெட்டுகிறோம். வடிப்பதற்கு 3 செக்கன், தாச்சியில் ஊற்றுவதற்கு 4, நுரைக்கு 3, பழுப்பேறிய பாகுக்கு இரண்டரை, கிண்டுவதற்கு இரண்டரை, குட்டானில் ஊற்றுவதற்கு 3. மொத்தம் 18. குரலோடு சேர்ந்து அழகாக ஓடுகிறது.

ஆனால் இந்த அழகை நம்பக் கூடாது. இதுவரை நாம் குறித்தது குரலின் நேரம் மட்டுமே. கைக்கும் ஒரு நேரம் உண்டு. ஓவியத்தில் அகப்பை ஏற்கெனவே குட்டானுக்கு மேலே இருப்பதால், "ஊற்றுகிறார்கள்" என்ற செய்தி ஒரு செக்கனில் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆகவே 3 செக்கன் தாராளம் என்று தோன்றுகிறது. உண்மையான கை அகப்பையைத் தாச்சிக்குள் விட்டு, மொண்டு, சிந்தாமல் கொண்டுவந்து, சிறிய குட்டானின் வாய்க்குள் சாய்த்து நிரப்ப வேண்டும்.

[திரையில்: ஒரு கை, சிரட்டை அகப்பை, வெறும் குட்டான், ஒரு சட்டி தண்ணீர். பக்கத்தில் ஸ்டொப்வொச்.]

இதை அறியப் பாகு தேவையில்லை. ஒரு சட்டி தண்ணீரும் அகப்பையும் வெறும் குட்டானும் போதும். செய்து பார்த்தால் 8 செக்கன் வருகிறது. குட்டான் ஒழுகுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது அசைவின் நேரம். பாகு தண்ணீரைவிடத் தடிப்பானது, மெதுவாகவே வழியும். எனவே 8 செக்கன் என்பது குறைந்த அளவு. அனிமேட்டிக் கொடுத்ததோ 3. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் படப்பிடிப்புக்குப் போனால், எடிற்றிங்கில் குட்டான் நிரம்புவதற்கு முன்பே காட்சியை வெட்ட வேண்டிவரும், அல்லது அதை வேகமாக ஓட்ட வேண்டிவரும். இரண்டுமே இந்த வீடியோவின் முக்கியமான கணத்தைக் கெடுத்துவிடும்.

இங்கே ஒன்று மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மொண்டெடுப்பதையும் நிரம்புவதையும் இரண்டு ஷொட்டுகளாக்கி, நடுவில் அகப்பை பயணம் செய்யும் நேரத்தை நீக்கிவிடலாம். அது 8 செக்கனை 5 ஆக்கும். ஆனால் இந்த இடத்தில் குரல் விட்டுக்கொடுப்பதே சரி என்பது என் முடிவு. "ஊற்றுகிறார்கள்" என்று சொல்லி முடித்தபின் குரல் 5 செக்கன் பேசாமல் இருக்கட்டும். பாகு விழும் ஓசையுடன் குட்டான் நிரம்புவதைப் பார்வையாளர் முழுமையாகப் பார்க்கட்டும். பகுதி இப்போது 23 செக்கன் ஆகிறது. அந்த 5 செக்கனை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். தொடக்கத்தில் "பனை யாழ்ப்பாணத்தின் அடையாளம்" என்று சொல்லும் வாக்கியத்தை நீக்கினேன். அதே நேரத்தில் திரையில் பனங்கூடல் தெரிவதால் எதுவும் குறையவில்லை.

[திரையில்: நுரைச் சட்டகம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

இரண்டாவது வாக்கியம் வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. பொங்குவதும் பழுப்பாவதும் இறுகுவதும் 5 செக்கனில் சொல்லப்பட்டுவிடுகின்றன. அடுப்பில் அதற்கு வெகுநேரம் செல்லும். நாம் வரைந்திருப்பதோ இரண்டு சட்டகங்கள். அனிமேட்டிக்கை ஓட்டிப் பார்த்தால், வெள்ளை நுரையிலிருந்து திடீரென்று கெட்டிப் பாகுக்குத் தாவுவதுபோல் இருக்கிறது. நடுவில் நிறம் மாறத் தொடங்கும் கட்டத்துக்கு ஒரு சட்டகம் சேர்த்து, மூன்றையும் ஒரே கோணத்தில் வரைந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லக் கரையச் செய்தால் காலம் கடந்தது புரிகிறது. இந்த ஒரு சட்டகம் படப்பிடிப்பு நாளையே மாற்றுகிறது. கமெராவை அடுப்பருகே ஒரே இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, அதை அசைக்காமல் மூன்று கட்டங்களுக்கும் காத்திருக்க வேண்டும். குட்டான் பின்னுவதைப் படமாக்க மற்றொரு கமெரா தேவைப்படும், இல்லையேல் அதை வேறொரு நாளுக்குத் தள்ள வேண்டும்.

நிலைப்படம் எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். பனங்கூடலின் பரந்த காட்சி ஓவியமாக 4 செக்கன் நின்றால் சலிப்புத் தட்டுகிறது. படமாக்கும்போது காற்றில் ஓலைகள் அசையும், ஒருவர் மரத்தில் ஏறுவார், அதே 4 செக்கன் போதாமல் போகலாம். எனவே சலிப்பைக் கண்டு உடனே வெட்ட வேண்டாம். அந்த ஷொட்டுக்குள் என்னென்ன அசையும் என்று எழுதிப் பார்த்து, அதன்பின் வெட்டுங்கள். சலிப்பைப் போக்குவதற்காக நிலைப்படத்தில் மெதுவான ஸூம் சேர்ப்பவர்கள் பலர். உண்மையில் கமெரா நகரப்போகும் ஷொட்டுக்கு மட்டும், தொடக்கத்தையும் முடிவையும் இரண்டு சட்டகங்களாக வரைந்து அந்த நகர்வைக் காட்டுங்கள். மற்ற இடங்களில் ஸூம் இருந்தால் நேரப் பிழை கண்ணுக்குத் தெரியாது. இசையும் அப்படியே: நல்ல பாட்டு தொய்வான இடத்தையும் தூக்கிப் பிடிக்கும். அது இல்லாமலே அனிமேட்டிக் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள், செய்முறையின் வரிசை படங்களிலிருந்து மட்டும் புரிகிறதா என்று தெரியும். பின்னர், எழுத்துப்பிரதியை வாசிக்காத ஒருவரிடம் முழுவதையும் இடையில் நிறுத்தாமலும் விளக்காமலும் காட்டுங்கள். அவர் சொல்லும் கருத்தைவிட, அவருடைய கண் திரையை விட்டு விலகும் நேரத்தைக் குறித்துக்கொள்வது பயன்தரும். ஒரே இடத்தில் இருவர் விலகினால் அந்த இடம் நீளம்.

[திரையில்: ஷொட் இலக்கம், நீளம், குறிப்பு என்ற மூன்று நிரல்கள் கொண்ட தாள்.]

முடிந்த அனிமேட்டிக்கிலிருந்து ஒவ்வொரு ஷொட்டின் நீளத்தையும் ஒரு தாளில் இறக்கிக் கமெராவைக் கையாள்பவரிடம் கொடுக்கிறோம். தாளில் 3 செக்கன் என்று இருந்தால், செயலுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 செக்கன் கூடுதலாக ஓடவிட்டு, மொத்தம் 11 செக்கனாவது பதிய வேண்டும். கரைத்து மாற்றும் காட்சிகளுக்கு இந்த மிகுதி கட்டாயம் தேவைப்படும். பேட்டிக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. சீவல் தொழிலாளி என்ன சொல்வார் என்பதை யாரும் முன்கூட்டி வரைய முடியாது. அங்கே "பேட்டி, 20 செக்கன்" என்று எழுதிய வெற்றுச் சட்டகம் ஒன்றை வைத்து, அவருக்குரிய இடத்தை ஒதுக்கிவையுங்கள்.

இறுதிக் குரலைப் பதியும்போது ஒரு கணக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும். நமது 180 செக்கனில் ஒத்திகைக் குரல் பேசும் நேரம் 150, பேசாத நேரம் 30 என்று கொள்வோம். இறுதியாக வாசிப்பவர் பத்தில் ஒரு பங்கு மெதுவாக வாசித்தால், பேச்சு 165 செக்கனாகும். மௌனம் பாதியாகக் குறையும். குட்டான் நிரம்பும் அந்த 5 செக்கன்தான் முதலில் பறிபோகும். எனவே வாசிப்பவருக்கு எழுத்துப்பிரதியை மட்டும் கொடுக்காமல், அனிமேட்டிக்கை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே வாசிக்கச் செய்யுங்கள். அப்போதும் பேச்சு உரிய நேரத்தைத் தாண்டினால் அவரை விரைவுபடுத்த வேண்டாம். பிரதியிலிருந்து சொற்களைக் குறையுங்கள். "விடியற்காலையில் இறக்கிய" என்பதைப் படமே காட்டுமானால், அதை நீக்கி ஒன்றரைச் செக்கனுக்கு மேல் மீட்டுவிடலாம்.