ஒரு யூனிட், ஒரு நாள், ஒரே விலை

நேயர்களுக்கு வணக்கம்.

மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். சாயங்காலம் சந்தை மூடிய பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை தொடங்கும். அன்றைய என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் நிகர சொத்து மதிப்பு, இரவுக்குள் வெளிவந்தாக வேண்டும். அந்த வேலையில் இருந்ததாலோ என்னவோ, தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: "என் யூனிட் விலை இன்றைக்கு ஏறியிருக்கிறது சார், நிறைய பேர் வாங்கியிருப்பார்கள் போல." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பங்குச் சந்தையில் ஒரு பங்கை எல்லோரும் வாங்க வந்தால் அதன் விலை ஏறுகிறது. ஃபண்ட் யூனிட்டும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

இல்லை. அது ஏன் இல்லை என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அது புரிந்துவிட்டால், என்.ஏ.வி. ஏன் தினமும் மாறுகிறது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

ஒரு சிறிய ஃபண்டைக் கற்பனை செய்துகொள்வோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும், எண்ணை மட்டும் சொல்கிறேன். இந்த ஃபண்டில் மொத்தம் 10 லட்சம் யூனிட்டுகள். அதன் கையில் இரண்டு நிறுவனங்களின் பங்குகள் இருக்கின்றன. முதல் நிறுவனத்தின் பங்கு 50,000, நேற்று ஒன்று 200-க்கு முடிந்தது. அது 1 கோடி. இரண்டாவது நிறுவனத்தின் பங்கு 20,000, ஒன்று 300. அது 60 லட்சம். மீதி 40 லட்சம் கடன் பத்திரமாகவும் வங்கியில் ரொக்கமாகவும் இருக்கிறது. ஆக மொத்தம் 2 கோடி. கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் கழித்த பிறகு நின்ற தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் 20. நேற்றைய என்.ஏ.வி. அதுதான்.

இன்று சந்தை திறந்து மூடியது. முதல் நிறுவனப் பங்கு 206-இல் முடிந்தது. பங்குக்கு 6 வீதம் 50,000 பங்குக்கு 3 லட்சம் கூடிவிட்டது. இரண்டாவது பங்கு 295-க்கு இறங்கியது. அதில் 1 லட்சம் போய்விட்டது. இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். இனி வருவதைப் பலர் கவனிப்பதில்லை. பல கடன் பத்திரங்களுக்கு வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். ஆனால் கணக்கில் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம். நம் ஃபண்டுக்கு இன்றைய ஒரு நாள் வட்டி 600. அதேபோல் ஃபண்டை நடத்தும் செலவு, நிர்வாகக் கட்டணம், காப்பாளர் கட்டணம், தணிக்கைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 3,65,000 என்றால், அதில் ஒரு நாள் பங்கான 1,000-ஐ இன்றே கழித்துவிடுவோம்.

கூட்டிக் கழித்தால் இன்றைக்கு நிகரமாகக் கூடியது 1,99,600. மொத்தச் சொத்து 2,01,99,600. யூனிட் எண்ணிக்கை அதே 10 லட்சம். இன்றைய என்.ஏ.வி. 20.1996.

கடைசி இலக்கங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பங்கு விலை மட்டும் மாறியிருந்தால் 20.2000 என்று முழுசாக வந்திருக்கும். வட்டியும் செலவும் சேர்ந்துதான் அதை 20.1996 ஆக்கின. பங்கு விலைகள் அணுவளவும் அசையாத ஒரு நாளிலும் இந்த எண் மாறும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. கடன் பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் ஃபண்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் வேலை நாளில், விடுமுறை நாட்களின் வட்டியும் சேர்ந்துகொள்ளும். அதனால் அன்றைய ஏற்றம் மற்ற நாளைவிடச் சற்று பெரிதாக இருக்கலாம். சந்தையில் ஏதோ நடந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இன்று ஒரு புதியவர் 20,19,960 கொண்டுவந்து ஃபண்டில் போடுகிறார். ஒரு யூனிட் 20.1996 என்றால் அவருக்குச் சரியாக 1 லட்சம் யூனிட் கிடைக்கும். ஃபண்டின் சொத்து 2,22,19,560 ஆகிவிட்டது. யூனிட்டுகளும் 11 லட்சம் ஆகிவிட்டன. வகுத்துப் பாருங்கள், அதே 20.1996. ஒரு தசமம்கூட நகரவில்லை. பங்கு என்றால் இருப்பதைத்தான் பலரும் போட்டி போட்டு வாங்குகிறார்கள், அதனால் விலை ஏறுகிறது. ஃபண்டில் பணம் வர வரப் புது யூனிட் உண்டாகிறது. வந்தவர் தன் பணத்துக்கு ஈடான யூனிட்டைப் பெறுகிறார், ஏற்கெனவே இருப்பவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாராவது வெளியேறினாலும் இதே கணக்குதான், யூனிட்டும் அழியும், பணமும் வெளியே போகும்.

ஆனால் இது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உள்ளே வருபவருக்குக் கொடுக்கும் விலை சரியான விலையாக இருக்க வேண்டும். அது தவறினால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் இந்த எண்ணின் மேல் கணக்குப் பிரிவு ஏன் உயிரை வைத்திருக்கிறது என்று புரியும்.

அதே நாள், அதே ஃபண்ட். சந்தை ஏறிவிட்டது என்று தெரிந்த ஒருவர் சாயங்காலம் வந்து, "எனக்கு நேற்றைய விலையான 20-க்கே கொடுங்கள்" என்கிறார், ஃபண்டும் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம் போட்டு 1 லட்சம் யூனிட் வாங்குகிறார். இப்போது சொத்து 2,21,99,600, யூனிட் 11 லட்சம். வகுத்தால் ஏறத்தாழ 20.1815. இருக்க வேண்டிய 20.1996 எங்கே போயிற்று? பழைய யூனிட்தாரர்களுக்கு மொத்தமாக 18,145 குறைந்திருக்கிறது. வந்தவருடைய 20 லட்சம் 20,18,145 ஆகிவிட்டது. அவருடைய லாபமும் இவர்களுடைய இழப்பும் ஒரே தொகை. காற்றிலிருந்து வந்த லாபம் இல்லை அது, பக்கத்தில் இருப்பவர் பையிலிருந்து வந்தது. ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு காசுக்கும் குறைவு என்பதால் பறிகொடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் இதுதான்.

அதனால்தான் விண்ணப்பம் கொடுக்கும் நேரத்தில் விலை தெரியாமல் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அமெரிக்காவில் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் 1968-இல் இதைக் கட்டாயமாக்கியது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்த விண்ணப்பத்துக்கு அதன் பிறகு கணக்கிடப்படும் என்.ஏ.வி.தான் பொருந்தும். நேரம் தாண்டினால் அடுத்த வேலை நாளின் விலை. உங்கள் யூனிட் ஒதுக்கீட்டுச் சீட்டில் நீங்கள் பணம் கட்டிய தேதியும் என்.ஏ.வி. தேதியும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்து மனம் குழம்பியிருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

விதி இருந்தும் மீறல் நடந்தது. 2003 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், கேனரி கேபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் மேல் ஒரு வழக்கை வெளியிட்டார். அங்கே மாலை 4 மணிக்குச் சந்தை மூடும். 4 மணிக்குப் பிறகு வெளியான செய்தியைப் பார்த்துவிட்டு, அன்றைய 4 மணி விலைக்கே யூனிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு வழி செய்து கொடுத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த நிறுவனம் 4 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. நாம் மேலே போட்ட கணக்குதான், தொகை மட்டும் பெரிது.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. நியூயார்க்கில் இருக்கும் ஒரு ஃபண்ட், டோக்கியோ பங்குகளை வைத்திருக்கிறது. நியூயார்க்கில் மாலை 4 மணி ஆகும்போது டோக்கியோ சந்தை மூடிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பழைய விலையை அப்படியே எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் உலகச் சந்தைகள் ஏறியதைப் பார்த்தவர் பழைய விலைக்கு உள்ளே புகுந்துவிடலாம். இங்கே நேர விதியை யாரும் மீறவில்லை, விலைதான் ஆறிப்போய்விட்டது. இதற்காகக் கடைசி விலையை விட்டுவிட்டு, இன்றைய நிலையில் என்ன மதிப்பு இருக்கும் என்று மதிப்பிட்டு எழுதும் முறை இருக்கிறது. அதிகம் கைமாறாத கடன் பத்திரங்களுக்கும் இப்படித்தான். ஆகவே என்.ஏ.வி. நான்கு தசமம் வரை துல்லியமாகத் தெரிந்தாலும், அதற்குள் சில இடங்களில் மனிதர்களின் மதிப்பீடும் கலந்திருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்.ஏ.வி. 20 உள்ள ஃபண்ட் மலிவு, 200 உள்ளது விலை அதிகம் என்று நினைப்பது தவறு. இரண்டும் ஒரே பங்குகளை ஒரே விகிதத்தில் வைத்திருந்து, செலவும் ஒன்றானால், பங்குகள் ஒரு சதவீதம் ஏறும்போது 20 என்பது 20.20 ஆகும், 200 என்பது 202 ஆகும். உங்கள் பணத்தின் வளர்ச்சி ஒன்றேதான். அதேபோல் ஃபண்ட் டிவிடெண்ட் கொடுத்த அன்று என்.ஏ.வி. அந்த அளவுக்கு இறங்கும். உங்கள் பணத்தில் ஒரு பகுதி உங்கள் கைக்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தினமும் எண் ஆடுவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள், "ஆடாத ஃபண்ட் இல்லையா?" என்று கேட்பார்கள். இருந்தது. அமெரிக்காவில் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் பணச் சந்தை ஃபண்டுகள், ஒரு யூனிட் எப்போதும் 1 டாலர் என்றே காட்டி வந்தன. உண்மை மதிப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் முழு டாலராக்கிக் காட்ட விதி இடம் கொடுத்தது. ரிசர்வ் பிரைமரி என்ற ஃபண்டின் கையில் லேமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் கடன் பத்திரங்கள் 78.5 கோடி டாலருக்கு இருந்தன. 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி லேமன் திவாலானது. மறுநாள் அந்தப் பத்திரங்களின் மதிப்பைச் சுழியம் என்று எழுதியபோது யூனிட் 97 சென்ட் ஆனது.

அந்த இரண்டு நாளில் முந்திக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர் முழு 1 டாலர் விலையில் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 97 சென்ட் பெறும் யூனிட்டுக்கு 1 டாலர் கொடுத்தால் அந்த 3 சென்ட் யாருடையது என்று இப்போது உங்களுக்கே தெரியும். பின்தங்கியவர்களின் கணக்கு முடக்கப்பட்டது. அவர்களுக்குப் பணம் பல தவணைகளாகத்தான் வந்து சேர்ந்தது.

வணக்கம்.