ஒரு ஓலை, ரெண்டு மடிப்பு: சிற்பிக்கு அளவு கத்துக்கொடுக்கிற விதம்

[திரையில்: பச்சைத் தென்னை ஓலைத் துண்டு ஒன்று. பக்கத்தில், காவிக் கோடு போட்ட கல்]

வணக்கமுங்க. இந்த ஓலையில ஒரு எண் கூட இல்லை. ஆனா இதை ரெண்டே தடவை மடிச்சா, நிக்கிற பெருமாள் சிலைக்கு அளவு சரியா விழுந்திருக்கா இல்லையான்னு கண்டுபிடிச்சிடலாம். எப்படின்னு பாத்துடலாம் வாங்க.

அவிநாசியில இருந்து திருப்பூர் போற வழியில திருமுருகன்பூண்டி. ரோட்டோரம் கல் பட்டறைங்கதான். தொழில் கத்துக்க வர்ற பையனுக்கு முதல்ல சிலை கிடையாதுங்க. உளியை உலையில காய்ச்சித் தட்டிக் கூராக்கணும், கல்லு முகத்தைச் சமமாக்கணும், அப்புறம் பீடம், தாமரை இதழ். முகம் கடைசிலதான் கைக்கு வரும். மாமல்லபுரத்துல 1957ல அரசு ஆரம்பிச்ச சிற்பப் பயிற்சியும் இருக்கு, அது தனி வீடியோவுக்கு. நாம ஓலைக்கு வருவோம்.

சிவன், பெருமாள் மாதிரி மூர்த்திகளுக்கு உத்தம தச தாளம்னு ஒரு அளவு. சிலையோட மொத்த உயரத்தை 124 பங்காக்கிடுவாங்க. ஒரு பங்குதான் அந்தச் சிலைக்கு ஒரு அங்குலம். நம்ம டேப்புல இருக்கிற இஞ்சு இல்லைங்க இது. சிலை பெருசானா அங்குலமும் பெருசாகும்.

124ஐ எப்படிப் பிரிக்கிறது? பட்டியலா மனப்பாடம் பண்ணினா மறந்துடும். அதனால வாய்வழியா மூணே விதிதான். தலை உச்சியில இருந்து முடி விளிம்பு வரைக்கும், கழுத்து, முட்டி, பாதம், இந்த நாலும் ஒரே அளவு: நாலு நாலு பங்கு. முகம், கழுத்துல இருந்து மார்பு, மார்புல இருந்து தொப்புள், தொப்புள்ல இருந்து உடம்பு முடியற இடம், இந்த நாலும் ஒண்ணுதான்: பதிமூன்றரை. தொடையும் கணைக்காலும் முகத்துக்கு இரட்டை: 27, 27. கூட்டிப் பாருங்க, 124 டாண்ணு வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதாங்க. சிலை உயரத்துக்கு ஓலையை நறுக்கி ரெண்டா மடிங்க. மடிப்பு 62ல விழும், உடம்பு முடிஞ்சு கால் தொடங்குற இடம் அதுதான். கீழ்ப்பாதியை இன்னொரு தடவை மடிங்க. 93, அதாவது முட்டியோட கீழ் விளிம்பு. 108 பங்கா பிரிக்கிற நவ தாளம்னு இன்னொரு அளவு இருக்கு, அதுக்கும் இதே ரெண்டு மடிப்பு அதே இடத்துலதான் விழுது! பங்கு மாறினாலும் பாதி பாதியாவே இருக்கு. எவ்வளவு அழகான யோசனை பாருங்க. வீடியோவை நிறுத்திட்டு ஒரு பேப்பர் கீத்துல மடிச்சுப் பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.

நிஜக் கணக்கு ஒண்ணு. சிலை 31 இஞ்சு உயரம்னு வெச்சுக்கோங்க. ஒரு பங்கு கால் இஞ்சு. கழுத்து ஒரு இஞ்சு, முகம் மூணே முக்கால் அரைக்கால், அதாவது... இல்லைங்க, இங்கதான் புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க: பதிமூன்றரை கால் இஞ்சுன்னா மூணு இஞ்சும் மூணு நூலும், ஒரு நூல்னா அரைக்கால் இஞ்சு. தொடை ஆறே முக்கால். உடம்பு முடியற இடம் உச்சியில இருந்து பதினஞ்சரை.

இப்ப, எங்க தப்பு நடக்கும்? முதல் தப்பு கிரீடம். மகுடமும் பீடமும் 124ல சேராது. கோயில்காரங்க "மூணடி சிலை"ன்னு சொன்னா, அது மகுடத்தோடவா, பீடத்தோடவான்னு முதல்ல கேக்கணும். கேக்காம மூணடியையும் 124ஆப் பிரிச்சா, மகுடத்துக்குக் கல்லே மிஞ்சாது. அப்புறம் நெத்தியில இருந்து இடத்தைத் திருட வேண்டியதுதான், முகம் அமுங்கிப்போயிடும்.

ரெண்டாவது, நடுக்கோடு. காவி நூலைத் தட்டிக் கல்லு நடுவுல ஒரு கோடு போடுவாங்க, அதுக்குக் குறுக்கே ஓலை மடிப்புகளைக் குறிப்பாங்க. ஆனா உளி மேல்கல்லை எடுக்க எடுக்கக் கோடும் சேந்து போயிடும். ஒவ்வொரு அடுக்குக்கும் திரும்பப் போடணும். பையன் சோம்பல்பட்டுக் கண்மதிப்புல போனா, மேஸ்திரி கேக்கிறது ஒரே கேள்விதான்:

"ஏங்கண்ணு, நடுக்கோடு எங்க?"

"அழிஞ்சு போச்சுங்கய்யா."

"அப்ப உளியைக் கீழ வெய்யி."

கோடு இல்லாம வெட்டின சிலையை நேரா பாத்தா தெரியாதுங்க. மேல இருந்து நூல்ல குண்டு கட்டி விட்டுப் பாத்தா, மூக்கு ஒரு பக்கம், தொப்புள் ஒரு பக்கம் நிக்கும்.

மூணாவது, மூக்கு. கல்லுல எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, ஒட்டினா அது பின்னமான சிலை, பூசைக்கு ஆகாது. அதனால மூக்கு நுனி, கைவிரல், கால் கட்டைவிரல்னு முன்னால துருத்துற இடத்துல எல்லாம் கல்லை மிச்சம் விட்டுத்தான் வெட்டுவாங்க. அந்த மிச்சம் இருக்கிற வரைக்கும் மூக்கு பிசகினாலும் முகம் முழுக்க ரெண்டு நூல் பின்னால தள்ளிக் காப்பாத்திடலாம். மிச்சத்தைச் சீக்கிரமா சீவிட்ட பையனோட சிலை, பட்டறை ஓரத்துல வெட்டிப் பழகுற கல்லாக் கிடக்கும்.