கையெழுத்துக்கு முன் எண்ணைப் படியுங்கள்

கம்பெனி வீரர்களே, புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரி அவர்களே,

இங்குள்ள ஆட்களைப் பற்றி உங்களிடம் நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதம் கூடவே ஓடினால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். பொருள்கள் அப்படியல்ல. பொறுப்பேற்புத் தாளில் நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால், முன்பே காணாமல் போனதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் விடைபெறும் இந்த வேளையில் சரக்குக் கணக்கைப் பற்றியே பேசுகிறேன்.

எண்ணிக்கை சரியாக இருப்பதால் கணக்கு சரி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் பன்னிரண்டு இரவுப்பார்வைக் கருவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலமாரியில் பத்து இருக்கின்றன. ஒன்று பழுதுபார்க்கும் பட்டறையில், ஒன்று பயிற்சிக்கு இரவல். இரண்டுக்கும் ரசீது இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு, மனம் நிம்மதியாகிவிடும். இப்போது ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் படியுங்கள். அலமாரியில் உள்ள ஒன்றின் எண் நம் பட்டியலிலேயே இல்லை; கூட்டுப் பயிற்சியில் பக்கத்துக் கம்பெனியுடையது மாறி வந்திருக்கிறது. பட்டறை ரசீதில் உள்ள எண்ணோ அலமாரியிலேயே இருக்கிறது; கருவி திரும்பி வந்தும் ரசீதை யாரும் கிழிக்கவில்லை. ஆக, நம்முடையவை என்று காட்டக்கூடியவை பத்துதான். ஒன்று பக்கத்துக் கம்பெனியில் கிடைக்கலாம். மற்றொன்று எங்கே என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். என் முகத்துக்காகத் தயங்காதீர்கள்.

எண்ணைப் படிக்கும் முறையும் முக்கியம். பட்டியலைப் பார்த்து ஒருவர் எண்ணைச் சொல்ல, கருவியை வைத்திருப்பவர் "ஆமாம்" என்பது வழக்கம். பத்தாவது கருவிக்குள் கண் அலுத்துவிடும், "ஆமாம்" மட்டும் தானாக வரும். இதைத் திருப்பிப் போடுங்கள். கருவியைப் பிடித்திருப்பவர் அதில் பொறித்த எண்ணை வாய்விட்டுப் படிக்கட்டும். நீங்கள் அதைப் பட்டியலில் தேடுங்கள்.

ஒரே வகைப் பொருளை எல்லாப் பிளட்டூன்களிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பரப்பச் சொல்லுங்கள். இன்று முதல் பிளட்டூன், நாளை இரண்டாவது என்று போனால், குறையை மறைக்க ஒரே தொலைநோக்கி இரண்டு முறை உங்கள் முன் வந்துவிடும்.

பெட்டிகளைத் திறந்து பாருங்கள். வானொலிக் கருவி இருக்கும், அதன் ஆன்டெனா இருக்காது. இயந்திரத் துப்பாக்கி இருக்கும், மாற்றுக் குழல் இருக்காது. தொலைவது பெரும்பாலும் இந்த உதிரிகள்தான்; தேவைப்படும் நாள்வரை யாரும் தேடுவதில்லை. பட்டியலில் இல்லாத உபரி கிடைத்தால் அதையும் எழுதுங்கள். அது வேறொரு கம்பெனியின் குறையாக இருக்கலாம்.

நாளை காலை ஆறு மணிக்கு ஆயுத அறையைத் திறக்கிறோம். பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். எண்களை நான் படிக்கிறேன்.