பெரியம்மா "புரியல"ன்னு சொன்னால் கவிதையைத் திருத்தணுமா?

[திரையில்: ஒரு கிழவி, எதிரில் தாளோடு ஒரு கவிஞர். கோட்டோவியம்]

ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்னால் சீனாவில் ஒரு கவிஞர் இருந்தார், பெயர் பாய் ஜுயி. கவிதை எழுதியதும் படிப்பறிவில்லாத ஒரு கிழவியிடம் வாசித்துக் காட்டி "புரிகிறதா?" என்று கேட்பாராம். புரிகிறது என்றால் வைத்துக்கொள்வார், புரியவில்லை என்றால் மாற்றி எழுதுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதை எழுத்தில் வருவது அவர் இறந்து இருநூறு வருடத்துக்கும் மேல் கழித்து, அதனால் இதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். எனக்கு உறுத்துவது வேறு. "புரிகிறதா?" என்று ஒருவர் எதிரில் நின்று கேட்டால் அந்தப் பாட்டி என்ன சொல்வார்? அடுப்பில் உலை கொதிக்கிறது, "புரியுது சாமி, போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்!

நம் வீட்டில் இதற்கு நேர் எதிர். யாரும் மரியாதைக்குக்கூட புரிகிறது என்று சொல்வதில்லை. "என்னடி எழுதி வச்சிருக்க, ஒண்ணும் புரியல"தான். அந்த வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்த வீடியோ.

பின்னணி ஒரே ஒரு நிமிடம். "அவங்களுக்குக் கவிதை தெரியாது, அதான் புரியல" என்று தப்பித்துக்கொள்ள நினைத்தால், கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குக் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார், 1929இல் அது புத்தகமாக வந்தது. இலக்கியம் படிக்கிற பிள்ளைகளிலேயே நிறைய பேருக்கு வரிகளின் நேரடி அர்த்தமே பிடிபடவில்லை. ஆக, பெரியம்மாவை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அவ்வளவுதான் பின்னணி.

இப்போது என் தோழி ஒருத்தியின் கவிதை. அவள் அனுமதியோடு போடுகிறேன்.

[திரையில்:]

விற்ற வீட்டின் சாவி
கொத்தில் இன்னும் இருக்கிறது
வெள்ளிதோறும் துடைக்கையில்
நீலம்
யாரென்று கேட்கிறது

இதை அவள் பெரியம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். பதில்: "ஒண்ணும் புரியல." கூடவே கும்பிடுகிற ஸ்டிக்கர்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பெரியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அதில் நம் வரிகள் இஷ்டத்துக்கு மடங்கும், நாம் யோசித்து உடைத்த இடம் ஒன்று, அவர்கள் பார்ப்பது வேறு. அதனால் தாளில் எழுதிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தோழியும் அதைத்தான் செய்தாள். பெரியம்மா மூன்று வரியை மடமடவென்று படித்தார். "நீலம்" வந்ததும் நின்றார். திரும்ப மேல் வரிக்குப் போனார். மறுபடியும் "நீலம்".

அப்புறம் அவள் "புரியுதா", "நல்லாருக்கா" எதையும் கேட்கவில்லை. "பெரியம்மா, இதுல யாரு என்ன பண்றாங்கன்னு உங்க வாயால சொல்லுங்களேன்" என்றாள். வந்த பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள், தங்கம் அது:

"வீட்டை வித்தாச்சு. சாவி மட்டும் கையில இருக்கு, பாவம். வெள்ளிக்கிழமை வெளக்கு தொடைக்கிறா. அப்புறம் நீலம்னு ஒருத்தி வந்து யாருன்னு கேக்குறா. அவ யாருடி? சொட்டு நீலமா? அதுசரி, கடைசில என்ன சொல்ல வர்ற, வீட்டை விக்கக் கூடாதுங்கிறியா?"

இதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரலாம். "ஒண்ணும் புரியல" என்றவர் பாதிக் கவிதையைச் சரியாகச் சொல்லிவிட்டார், கவனித்தீர்களா? தடுக்கிய இடங்கள் மூன்றுதான், மூன்றும் மூன்று ஜாதி.

முதலில் நீலம். தோழி சொல்ல நினைத்தது, வீட்டை வாங்கியவர்கள் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு நீல பெயின்ட் அடித்துவிட்டார்கள், பஸ்ஸில் போகும்போது அவள் பார்த்தாள். பார்த்தது அவள் மட்டும்தான், கவிதையில் அது இல்லவே இல்லை. இங்கேதான் சொந்தக்காரர் கருத்தின் எடை கூடுகிறது: அந்த வீட்டிலேயே வாழ்ந்தவர், அது விற்றுப்போனது தெரிந்தவர், அவருக்கே எட்டவில்லை என்றால் திருச்சியில் இருக்கிற ஒரு வாசகருக்கு எப்படி எட்டும்? இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

அடுத்தது விளக்கு. தோழி எழுதியது சாவியைத் துடைப்பதை. ஆனால் "துடைக்கையில்" என்று மட்டும் எழுதினால் எதைத் துடைக்கிறாள், யார் துடைக்கிறாள் எதுவுமே சொல்லில் இல்லை. தமிழில் இது பெரிய பொறி. துடைத்தேன், துடைத்தாள் என்று முடித்தால் ஆள் தெரிந்துவிடும், துடைக்கையில், துடைத்து, விற்ற என்று எச்சமாக விட்டால் ஆள் மறைந்துவிடுவார். அந்த வெற்றிடத்தில் பெரியம்மா தன் வெள்ளிக்கிழமையைக் கொண்டுவந்து வைத்தார். தப்பான வாசிப்புதான், ஆனால் கவிதை உடையவில்லை, என்னைக் கேட்டால் கொஞ்சம் பணக்காரக் கவிதையாகவே ஆகிவிட்டது! சாவியும் விளக்கும் ஒரே துணியில். தோழி தொடாமல் விட்டாள்.

மூன்றாவது, "வீட்டை விக்கக் கூடாதுங்கிறியா?" இது புரியாமை இல்லை. நடந்தது எல்லாம் தெரிந்த பிறகு, கருத்து எங்கே என்று கேட்கிறார். இதற்காக ஒரு வரி சேர்த்தால் அது காலண்டர் தாள் பொன்மொழி ஆகிவிடும். இந்தக் கேள்விக்கு மரியாதையாகச் சிரித்துவிட்டு ஒரு காபி போட்டுக் கொடுங்கள், போதும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். முதல் வார்த்தை "விற்ற". யார் விற்றது? இதுவும் எச்சம், இதிலும் ஆள் இல்லை. பெரியம்மா இங்கே தடுக்கவே இல்லை. ஏன் தெரியுமா? பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருத்தர்! அந்த இடைவெளியைத் தன் ஞாபகத்தால் தானே நிரப்பிக்கொண்டார். ஆகவே சொந்தக்காரர் "புரியல" என்ற இடத்தை நம்புங்கள், அவர் சத்தமில்லாமல் தாண்டிப்போன இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

[திரையில்: குறுந்தொகைப் பதிப்பின் ஒரு பக்கம்]

குறுந்தொகையைத் திறந்தால் பாட்டோடு ஒரு குறிப்பு இருக்கும், தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று. சில பாட்டுகளில் அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பேசுவது யார் என்றே குழம்பும். யார், யாரிடம் என்பது தெரியாமல் திணறுவது பாமரத்தனம் என்றால், அந்தக் குறிப்புகளை எழுதி வைத்தவர்களை என்ன சொல்வது?

சரி, திருத்தம். நான்காவது வரி மட்டும்:

நீலமடித்த சுவர்
யாரென்று கேட்கிறது

ஒரே ஒரு இடத்தில்தான் கை வைத்தாள். சுவர் ஒரு ஊரில், துடைப்பது வேறு வீட்டில், அந்தத் தாவல் அப்படியே இருக்கிறது, அது கவிதை கேட்கிற உழைப்பு.

திருத்தியதை அதே பெரியம்மாவிடம் காட்டாதீர்கள். அவருக்கு நீங்கள் விளக்கம் சொல்லிவிட்டீர்கள், இனி எப்படி எழுதினாலும் புரியும். தோழி இதை அந்த வீட்டைப் பார்த்தே இராத தங்கை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் சொன்னது: "வீடு போச்சு, வாங்கினவன் பெயின்ட் அடிச்சிட்டான், இவங்களால மறக்க முடியல. ஆமா, வித்தது யாரு?" பார்த்தீர்களா, பெரியம்மா தாண்டிய அதே இடம். தோழி அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறாள், குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு இன்னும் இரண்டு பதில் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

உங்கள் வீட்டில் யாராவது உங்கள் கவிதையைத் திருப்பிச் சொன்னதை, ஒரு எழுத்தும் மாற்றாமல் கமெண்ட்டில் போடுங்கள். கவிதை வேண்டாம், அவர்கள் சொன்னது மட்டும் போதும். அதிலிருந்து கவிதை என்னவாக இருக்கும் என்று அடுத்த வீடியோவில் நான் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்.